நேர்காணலின் முதல் மூன்று நிமிடம்

மன அழுத்தம் வந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய வேண்டுமானால், முதலில் அந்த அழுத்தத்தை ஆய்வுக்கூடத்துக்குள் வரவழைக்க வேண்டும். யாருக்கும் காயமில்லாமல், யாரை அழைத்தாலும் பலிக்கும்படி அதை எப்படிச் செய்வது? ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் என்ற மூவர் 1993-இல் ஒரு வழியை வெளியிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது வேலை நேர்காணலைத்தான்.

சோதனைக்கு வந்தவர் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். எதிரே ஒரு குழு உட்கார்ந்திருக்கும். இந்த வேலைக்குத் தானே பொருத்தமானவர் என்று ஐந்து நிமிடம் அவர்கள் முன் பேச வேண்டும். அது முடிந்ததும் 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு தனிப் பயிற்சி உண்டு. சிரிக்கக் கூடாது, தலையசைக்கக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. இவ்வளவுதான் ஏற்பாடு. வந்தவர்களின் எச்சிலை எடுத்துப் பார்த்தால், அழுத்த வேளையில் சுரக்கும் கார்ட்டிசோல் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியிருந்தது. இன்றும் உலகெங்கும் உளவியல் ஆய்வுக்கூடங்கள் மனிதரைப் பதற்றப்படுத்த இந்த முறையையே கையாள்கின்றன.

இருபது ஆண்டு கழித்து, 2013-இல், ஜெர்மனியிலேயே போக்கும் பகுதியில் பணிபுரிந்த ஆய்வாளர்கள் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். ஏறக்குறைய அதே அமைப்பு. ஆனால் குழுவினர் இன்முகத்தோடு பேசினார்கள், சிரித்தார்கள், தலையசைத்தார்கள், வந்தவரைத் தடுமாற வைக்கும் கெடுபிடிகளையும் எடுத்துவிட்டார்கள். கார்ட்டிசோல் ஏறவில்லை.

வேலைக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பல நேர்காணல்கள், யாரும் திட்டமிடாமலேயே, முதல் சோதனையைப் போலத்தான் நடக்கின்றன. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் ரெஸ்யூமைப் புரட்டுகிறார், ஒருவர் போனைப் பார்க்கிறார், மூன்றாமவர் ஏறெடுத்துப் பார்த்து “ம், சொல்லுங்க” என்கிறார்.

பதற்றமாக இருந்தால் என்ன, வேலை தெரிந்தவர் எப்படியும் பதில் சொல்லிவிடுவாரே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. கணினி அறிவியல் மாணவர்கள் 48 பேருக்கு, நிறுவனங்கள் நேர்காணலில் கொடுப்பது போன்ற நிரல் எழுதும் கணக்கைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கம்போல ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வெள்ளைப் பலகையில் எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் தனியறையில் எழுதினார்கள். ஆள் நின்று பார்த்த பிரிவின் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். ஆள் பார்க்க எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஆய்வுக்கு வந்த பெண்கள் சிலரே என்பதால் அதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக முடியாது. ஆனாலும் கேட்பவர்களை உறுத்த வேண்டிய செய்தி அது. வேலைக்குத் தேவையான திறன் ஒன்று, யார் எதிரில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளாது என்பது வேறு. முன்னதை அளக்க உட்கார்ந்துவிட்டுப் பின்னதை அளந்துகொண்டிருக்கிறோம்.

இதைச் சரிசெய்ய உளவியல் பட்டம் வேண்டாம். வந்தவர் உட்கார்ந்த முதல் மூன்று நிமிடம் என்ன பேசுவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். எப்படி என்று ஓர் உதாரணத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை. வந்திருப்பவர் பி.காம். முடித்த பெண், இதுதான் முதல் நேர்காணல், பல்லடம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். கேட்கப்போகிறவர் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். ஆபீஸ் பையனை அனுப்பி “அடுத்த ஆள்” என்று கூப்பிடாமல் அவரே எழுந்து வெளியே போகிறார்.

“வாங்கம்மா, நான்தான் இங்க அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். உள்ள போலாங்களா?”

இருவரும் சேர்ந்து நடந்து வருவதிலேயே பாதி வேலை முடிகிறது. கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, உட்கார்ந்திருக்கும் ஒருவரை நோக்கி நடந்து, உட்காரச் சொல்வார்களா என்று நின்று பார்க்கும் அந்தக் கட்டம் இல்லாமலே போய்விடுகிறது. அறைக்குள் வந்ததும், “இங்க உக்காருங்க. பையைப் பக்கத்துச் சேர்ல வெச்சுக்கங்க” என்கிறார். மடியில் பையும் கையில் ஃபைலுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி. மேசையில் சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்று இருக்கிறது. டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பதைவிட இது நல்லது. கை நடுங்குகிறவர் டம்ளரைத் தொடவே மாட்டார், நாக்கு வறண்டாலும் அப்படியே இருந்துவிடுவார்.

“இடம் கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சுங்களா?”

“இல்லீங் சார். பஸ் ஸ்டாண்டுல எறங்கிக் கேட்டுட்டு வந்தேன்.”

வந்த வழியைப் பற்றிய கேள்வி எல்லோரும் கேட்பதுதான். அது நிலைத்து நிற்பதற்குக் காரணம் உண்டு. வந்திருக்கிற எவருக்கும் அதற்குப் பதில் தெரியும், அதில் சரி தப்பு கிடையாது, பதிலை வைத்து ஆளை எடைபோடவும் முடியாது. தொண்டை ஒருமுறை திறந்து குரல் வெளியே வந்துவிடுகிறது. அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு வேலையில்லை. ஆனால் வந்தவர் பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் இதையே கேட்காதீர்கள். அப்போது அது விளக்கம் கேட்பதாகிவிடும்.

இப்போது மேனேஜர் சொல்லப்போவதுதான் மொத்தத்திலும் முக்கியமான பேச்சு.

“இன்னிக்கு எப்படிப் போகும்னு சொல்லிடறேன். மொத்தம் அரை மணி நேரம். முதல்ல இந்த வேலை என்னன்னு நானே ரெண்டு நிமிஷம் சொல்றேன். அப்புறம் உங்க படிப்பு, ஆடிட்டர் ஆபீஸ்ல நீங்க பாத்த வேலை பத்தி அஞ்சாறு கேள்வி கேப்பேன். கடைசி அஞ்சு நிமிஷம் உங்களுது, சம்பளம், டைமிங், எது வேணாலும் கேக்கலாம். நடுவுல நான் குனிஞ்சு எழுதிட்டு இருப்பேன். எல்லாருக்கும் எழுதறதுதான், பின்னால மறந்துடக் கூடாதுன்னு. யோசிச்சுச் சொல்லுங்க, நான் காத்திருக்கேன். கேள்வி புரியலைன்னா திருப்பிக் கேளுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க, அடுத்ததுக்குப் போயிடலாம். தமிழ்லயே பேசலாம். கடைசில ஒரே ஒரு மெயில் மட்டும் இங்கிலீஷ்ல எழுதச் சொல்வேன், அது இந்த வேலைல தினமும் வரும்.”

சொல்லிமுடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். முழுக்கத் தகவல்தான். முதல் நேர்காணலுக்கு வருபவரை ஆட்டிப்படைப்பது பெரும்பாலும் தெரியாமைதான்: எவ்வளவு நேரம் ஆகும், அடுத்து என்ன வரும், இவர் எழுதுவது என் தப்பையா, இங்கிலீஷில் மட்டும்தான் பேச வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைக்கக் கிடைக்க, அந்தக் கவலையைச் சுமந்துகொண்டிருந்த கவனம் கேள்விக்குத் திரும்புகிறது. குறிப்பெடுப்பதைப் பற்றிய வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் சட்டென்று குனிந்து எதையோ எழுதினால், என்ன தப்பாகச் சொன்னோம் என்று யோசிக்கத் தொடங்கி அடுத்த வாக்கியத்தைத் தொலைத்துவிடுவார்கள். முன்பே சொல்லிவிட்டால் அது நடக்காது.

மொழியைப் பற்றிய வரி தமிழ்நாட்டில் பாதி அறைகளுக்கு உயிர் கொடுக்கும். அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர், பில்லும் கணக்கும் நன்றாகத் தெரிந்திருந்தும், ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டுவதிலேயே மூச்சு முட்டிப் போவார். வேலைக்கு ஆங்கிலம் எந்த அளவுக்குத் தேவையோ அந்த அளவை மட்டும் தனியே, எப்போது என்று சொல்லிச் சோதித்தால் போதும். மீதி நேரமெல்லாம் அவர் கணக்கைப் பற்றிப் பேசட்டும்.

இதில் கொடுத்த வாக்குறுதி ஒவ்வொன்றையும் காப்பாற்ற வேண்டும். யோசிக்க நேரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு விநாடியில் “தெரியாதா?” என்று கேட்டால், சொல்லாமலே இருந்திருக்கலாம். மனசுக்குள் பத்து எண்ணும் வரை பேசாமல் இருந்து பாருங்கள். கேட்பவருக்குத்தான் அது நீளமாகத் தெரியும்.

பிறகு மேனேஜர் சொன்னபடியே இரண்டு நிமிடம் வேலையைப் பற்றிப் பேசுகிறார். அந்த நேரம் வந்தவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். படபடப்பு ஒரு சுற்று இறங்க அது இடம் கொடுக்கிறது. உடனே குணமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ட்ரியர் முறையில் கார்ட்டிசோல் உச்சத்தைத் தொட்டதே பேச்சும் கணக்கும் முடிந்து பத்து, இருபது நிமிடம் கழித்துத்தான். ஒருமுறை கிளம்பிவிட்டால் அது நம் வேகத்துக்கு இறங்காது. அதனால்தான் கிளம்பவிடாமல் பார்த்துக்கொள்வது, கிளம்பிய பிறகு தணிப்பதைவிட எளிது.

இனி முதல் கேள்வி. நம் ஊரில் இதற்கு ஒரே ஒரு கேள்விதான் புழக்கத்தில் இருக்கிறது: “உங்களைப் பத்திச் சொல்லுங்க.” லேசாகத் தொடங்குகிறோம் என்ற எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். உண்மையில் நேர்காணலிலேயே கடினமான கேள்வி அதுதான். எங்கே தொடங்குவது, எவ்வளவு சொல்வது, எதை விடுவது என்று எல்லாவற்றையும் பதில் சொல்பவரே முடிவு செய்ய வேண்டும். அதோடு தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் வேண்டும். ட்ரியர் ஆய்வாளர்கள் பதற்றத்தை வரவழைக்கக் கொடுத்த வேலையும் இதுதான். இதற்குப் பயந்தே பிள்ளைகள் ஒரு பத்தியை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். “மைசெல்ஃப்” என்று தொடங்கி ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் எல்லாமே போய்விடும், அதன் பிறகு அரை மணி நேரமும் அந்த மறந்த வரியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நம் மேனேஜர் வேறு விதமாகக் கேட்கிறார்.

“ஆடிட்டர் ஆபீஸ்ல மூணு மாசம் இருந்தேன்னு போட்டிருக்கீங்க. காலைல போனதும் முதல்ல என்ன வேலை குடுப்பாங்க?”

“பில்லெல்லாம் தேதிவாரியா அடுக்கி வெக்கணுங் சார். அப்புறம் டேலில என்ட்ரி போடணும்.”

“பர்ச்சேஸ் பில்லா, சேல்ஸ் பில்லா?”

“ரெண்டும் வரும் சார். ஆனா எனக்குப் பர்ச்சேஸ்தான் குடுத்தாங்க. ஒரு ஸ்பின்னிங் மில்லோட பில்லு.”

இந்தக் கடைசி வரியைப் பாருங்கள். ஸ்பின்னிங் மில் என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே ஒரு விவரத்தைச் சேர்க்கிறார். “யெஸ் சார்”, “நோ சார்” என்று நுனி நாக்கில் பதில் சொன்னவர், கேட்காததையும் சொல்லத் தொடங்கினால் பதற்றம் கழன்றுவிட்டது என்று பொருள். இன்னும் நல்ல அடையாளம், நம்மைத் திருப்பிக் கேட்பது. “எந்த மாசத்துப் பில்லு கேக்கறீங்க சார்?” என்று கேட்டுவிட்டால் அங்கே பரீட்சை போய் உரையாடல் வந்துவிட்டது. மடியில் கோத்திருந்த கைகள் பேச்சோடு சேர்ந்து மேலே வருவதையும் பார்க்கலாம். அப்போது வேலையின் சாரமான கேள்விக்குப் போகலாம்: ஜி.எஸ்.டி. போர்ட்டலில் காட்டும் கணக்கும் கையில் இருக்கிற பில்லும் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? அதே பெண்ணிடம் இதையே முதல் கேள்வியாகக் கேட்டிருந்தால், தெரிந்திருந்தும் விழித்திருப்பார்.

முதல் கேள்வி, அவர் தன் கையால் செய்த ஒன்றைப் பற்றியதாக, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். வேலை அனுபவமே இல்லாதவரிடம் கல்லூரியில் செய்த ப்ராஜெக்டைக் கேட்கலாம். அதிலும் “ப்ராஜெக்டைப் பத்திச் சொல்லுங்க” என்று அகலமாகக் கேட்காமல், “இந்த ப்ராஜெக்ட்ல நீங்க எந்தப் பகுதியைப் பாத்தீங்க?” என்று ஓரிடத்தைத் தொட்டுக் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை மனசாட்சியோடு பேச வேண்டும். அன்பாகப் பேசுகிறோம் என்று நினைத்துக் கேட்கும் சில கேள்விகள் கேட்கப்படுபவரின் வயிற்றைக் கலக்குகின்றன. “சொந்த ஊர் எது?” என்று கேட்டு, ஊரைச் சொன்னதும் “ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” என்பார்கள். “அப்பா என்ன பண்றார்?”, “பேருக்குப் பின்னாடி என்ன?”, “குலதெய்வம் எந்தக் கோயில்?” என்றும் போகும். கேட்பவருக்கு அது ஊர்ப் பேச்சு. பதில் சொல்பவருக்கோ, இது எங்கே போய் முடியும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். எந்தத் தெரு என்று சொன்னால் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். தகப்பன் இல்லாத பிள்ளையிடமும், துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளையிடமும் “அப்பா என்ன பண்றார்?” என்ற கேள்வி போய்ச் சேரும் விதத்தை, வங்கி மேலாளரின் பிள்ளையிடம் அது போய்ச் சேரும் விதத்தோடு ஒப்பிடவே முடியாது. பெண்களிடம் “கல்யாணம் ஆயிடுச்சா, வீட்ல பாக்கறாங்களா?” என்று தொடங்குவதும் இப்படித்தான், அந்த நொடியிலேயே வேலை போய்விட்டது என்று அவர் முடிவு செய்துவிடுவார். தொடக்கப் பேச்சிலிருந்து பிறப்பும் குடும்பமும் முழுவதுமாக வெளியேற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்த வழி, வெயில், மழை, டீ, இந்த அறை, இந்த வேலை: பேச இவ்வளவு இருக்கிறது.

ஊர்ப் பேச்சில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஒரே கல்லூரி, ஒரே ஊர் என்று தெரிந்ததும் ஒருவரிடம் ஐந்து நிமிடம் சிரித்துப் பேசுவோம். அடுத்தவரிடம் நேரே கேள்விக்குப் போய்விடுவோம். 2010-இல் அமெரிக்க ஆய்வாளர் முர்ரே பாரிக்கும் உடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், கேள்வி தொடங்கும் முன் சில நிமிடம் பேசியதில் உண்டான அபிப்பிராயம் பிறகு போடும் மதிப்பெண்ணோடும் சேர்ந்தே நகர்ந்தது தெரிந்தது. 2016-இல் பாரிக் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, அந்தச் சாயல் தொடக்கக் கேள்விகளின் மதிப்பெண்ணில் அதிகமாகவும் பிந்தைய கேள்விகளில் குறைவாகவும் படிகிறது என்று காட்டியது. ஆகவே தொடக்கப் பேச்சைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வருகிற எல்லோரிடமும் அதையே, அதே அளவு நேரம் சொல்வது நல்லது. வழி விசாரித்ததற்கும் முதல் கேள்விக்கும் மதிப்பெண் போடக் கூடாது. கனமான கேள்விகளைப் பின்னால் வைத்தால் இரண்டு லாபம்: பேசுபவர் நிதானத்துக்கு வந்திருப்பார், நம் முதல் அபிப்பிராயமும் கொஞ்சம் மங்கியிருக்கும்.

“டென்ஷன் ஆகாதீங்க, ரிலாக்ஸா இருங்க” என்று சொல்லலாமா? சொல்பவரின் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் கேட்பவர் காதில் அது “நீங்கள் நடுங்குவது எங்களுக்குத் தெரிகிறது” என்று விழுகிறது. அதுவரை மறைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தவர் இப்போது தன் கையைப் பார்க்கத் தொடங்குவார். வெளிப்படையாகத் தெரிகிற பதற்றம் என்றால், “முதல் இன்டர்வியூல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், ஒண்ணும் அவசரமில்லை” என்று பொதுவில் ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நடுவில் ஒரேயடியாக நின்றுபோனால் பழியைக் கேள்வியின் மேல் போடுங்கள்: “நான் கேட்டது சுத்தி வளைச்சுடுச்சு. வேற மாதிரி கேக்கறேன்.” பிறகு அதையே சிறிதாக்கி, ஆமாம் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறுக்கிக் கேட்டால் நூல் மறுபடி பிடிபடும்.

பலர் சேர்ந்து உட்காரும் குழுவில் கூடுதல் கவனம் வேண்டும். தலைமை வகிப்பவர் மட்டுமே முதல் மூன்று நிமிடமும் பேச வேண்டும். மற்றவர்களைப் பெயரும் பொறுப்பும் சொல்லி அவரே அறிமுகப்படுத்த வேண்டும். மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணி ஆளுமைத் தேர்வுக்கு 275 மதிப்பெண். ஆணையத்தின் அறிவிப்பிலேயே அது குறுக்கு விசாரணை அல்ல, இயல்பான, அதேசமயம் நோக்கமுள்ள உரையாடல் என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு பெரிய தேர்வுக்கே அதுதான் நெறி என்றால், கணக்குப் பிரிவு வேலைக்கு முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார ஒரு காரணமும் இல்லை. நேர்காணல் நடக்கும்போது தாமதமாக உள்ளே வரும் உறுப்பினர் உட்கார்ந்ததும் கேள்வி வீசுவதைத் தடுக்க வேண்டியதும் தலைவரின் வேலை. வீடியோ வழியாக நடந்தால் முதல் வரியே, “நடுவுல லைன் கட்டாச்சுன்னா கவலைப்படாதீங்க, நாங்களே திரும்பக் கூப்பிடுவோம், அந்த நேரத்தைக் கழிக்க மாட்டோம்” என்றிருக்கட்டும்.

அதேசமயம் இதை நீட்டிக்கொண்டே போகவும் கூடாது. பத்து நிமிடம் கிரிக்கெட்டும் சினிமாவும் பேசினால், எப்போது கேள்வி வரும் என்று எதிரில் இருப்பவர் உள்ளுக்குள் காத்துக்கொண்டே இருப்பார். இறங்கியது மறுபடி ஏறும். மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு. இவ்வளவு செய்தும் சிலருக்குப் பதற்றம் தணியாது. அவர்களுக்கு அரை மணி நேரப் பேச்சைவிட, ஒரு மேசையும் பத்து பில்லும் டேலி திறந்த கம்ப்யூட்டரும் கொடுத்து, இருபது நிமிடம் தனியே விட்டுவிட்டு வருவது நியாயமான சோதனை. அந்தப் பெண் போட்ட என்ட்ரியைத் திறந்து பார்த்தால், வேலை தெரிந்தவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.